18 ஸ்லைடு பிபிடி... பெற்றோருக்குப் புரிகிற அரைப்பக்கக் குறிப்பாக மாற்றுவது எப்படி?

பள்ளியில் அறிவியல் செயல்திட்டம் முடிந்தது. மாணவர்கள் தயாரித்த 18 ஸ்லைடு பிபிடியை ஆசிரியர் அப்படியே வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். பத்து நிமிடத்தில் வரிசையாகக் கைதட்டல் எமோஜி, நாலைந்து ‘சூப்பர்’. அதோடு கதை முடிந்தது.

கைதட்டிய பெற்றோரில் எத்தனை பேர் அந்தக் கோப்பைத் திறந்திருப்பார்கள்? திறந்தவர்களுக்கும் தன் பிள்ளை என்ன கற்றுக்கொண்டது என்று தெரிந்திருக்குமா? பெரும்பாலும் தெரிந்திருக்காது. அதற்காகப் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. பிபிடி என்பது பக்கத்தில் ஒருவர் நின்று பேசுவதற்காகச் செய்யப்படுவது. பேசுகிற ஆள் இல்லாமல் அது மட்டும் வந்தால், பாதி விஷயம் வழியிலேயே தொலைந்துவிடும்.

அந்தப் பாதியை மீட்டு, பெற்றோர் இரண்டு நிமிடத்தில் படிக்கிற மாதிரி ஒரு குறிப்பு எழுதுவது எப்படி? நீங்கள் ஆசிரியராக இருக்கலாம். பள்ளிக்கு உதவும் தன்னார்வலராக இருக்கலாம். அல்லது, ‘நீதான் ஆபீஸ்ல பிபிடியெல்லாம் பண்றியே, இதைக் கொஞ்சம் சுருக்கிக் குடுப்பா’ என்று டீச்சராக இருக்கும் அக்காவிடம் மாட்டிக்கொண்டவராகவும் இருக்கலாம். ஒரு உதாரணத்தை எடுத்து, கடைசிவரை செய்தே பார்த்துவிடுவோம்.

உதாரணம்: மண்பானை பிபிடி

இது விளக்கத்துக்காக நாம் உருவாக்கிக்கொண்ட பிபிடி. எந்தப் பள்ளியையும் குறிப்பதல்ல. ஆனால் சோதனை, யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கக்கூடியது.

8-ஆம் வகுப்பு மாணவர்கள் 5 பேர். கேள்வி: மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? ஒரு சாதாரண மண்பானை, வெளிப்புறம் முழுக்க எனாமல் பெயின்ட் அடித்த இன்னொரு மண்பானை, ஒரு ஸ்டீல் குடம். மூன்றிலும் 3 லிட்டர் தண்ணீர் ஊற்றி, மூடி, நிழலான வராந்தாவில் வைத்தார்கள். காலை 9 மணிக்குத் தண்ணீர் 31 டிகிரி செல்சியஸ். மணிக்கு ஒருமுறை வெப்பமானியை வைத்துப் பார்த்துக் குறித்தார்கள். ஆரம்பத்திலும் முடிவிலும் பானையைத் தண்ணீரோடு சேர்த்துச் சமையலறைத் தராசில் எடை போட்டார்கள்.

மாலை 3 மணிக்குச் சாதாரணப் பானையில் தண்ணீர் 27 டிகிரி. பெயின்ட் அடித்த பானையிலும் ஸ்டீல் குடத்திலும் 32 டிகிரி. சாதாரணப் பானையின் எடை 120 கிராம் குறைந்திருந்தது. மற்ற இரண்டிலும் எடை கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

இதையே இன்னொரு நாளும் செய்தார்கள். அன்று மழை. சாதாரணப் பானையில் தண்ணீர் ஒன்றரை டிகிரிதான் குறைந்தது.

இனி 18 ஸ்லைடைப் பார்ப்போம். முதல் 2 ஸ்லைடுகள் தலைப்பும் பெயர்களும். 3 முதல் 6 வரை மண்பானையின் வரலாறு, வகைகள், இணையத்திலிருந்து எடுத்த படங்கள். 7-இல் வகுப்பில் 30 பேரிடம் முன்கூட்டியே கேட்ட கேள்வியும் பதிலும். 8 முதல் 11 வரை பொருட்களும் செய்முறையும். 12, 13-இல் அட்டவணையும் வரைபடமும். 14-இல் ‘ஆவியாதல் – நுண்துளைகள் – வெப்பம் வெளியேறுதல்’ என்று மூன்று புள்ளி. 15-இல் ‘மண்பானையின் மருத்துவப் பயன்கள்’. 16-இல் ‘குறைகள்: மழையால் 2-ஆம் நாள் சரியாக வரவில்லை’. 17, 18-இல் முடிவுரையும் நன்றியும்.

அப்படியே சுருக்கினால் என்ன ஆகும்?

அவசரத்தில் எல்லோரும் செய்வது இதைத்தான்: ஒவ்வொரு ஸ்லைடின் தலைப்பையும் எடுத்து வரிசையாகக் கோத்துவிடுவது. அப்போது இப்படி ஒரு குறிப்பு வரும்.

“8-ஆம் வகுப்பு மாணவர்கள் மண்பானை குறித்த செயல்திட்டத்தைச் சிறப்பாக மேற்கொண்டனர். மண்பானையின் வரலாறு, வகைகள், பயன்கள் ஆகியவற்றைத் தொகுத்தனர். ஆவியாதல், நுண்துளைகள், வெப்பநிலை ஆகியவற்றைப் பற்றிக் கற்றுக்கொண்டனர். இதன்மூலம் மாணவர்களின் குழு மனப்பான்மையும் அறிவியல் ஆர்வமும் வளர்ந்தன.”

தவறு ஏதும் இல்லை. ஆனால் தகவலும் ஏதும் இல்லை. ‘மண்பானை’யை எடுத்துவிட்டு ‘காற்றாலை’ என்று போட்டால் அதற்கும் பொருந்தும். ‘ஆவியாதல் பற்றிக் கற்றுக்கொண்டனர்’ என்றால், ஆவியாதலைப் பற்றி என்ன? அந்த ‘என்ன’தான் பெற்றோருக்கு வேண்டியது.

இங்கே ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிபிடி சொல்வது, மாணவர்கள் என்ன செய்தார்கள் என்பதை. குறிப்பு சொல்ல வேண்டியது, அதைச் செய்ததால் முன்பு தெரியாத எது இப்போது தெரியும் என்பதை. இரண்டும் ஒன்றல்ல. முதலாவதிலிருந்து இரண்டாவது தானாக வந்துவிடாது.

முக்கியமான வரி கடைசியில் ஒளிந்திருக்கும்

ஸ்லைடில் முக்கியமான விஷயம் கீழே போய் ஒளிந்துகொள்வதற்கு, உலகம் அறிந்த ஒரு துயரமான உதாரணம் உண்டு. 2003 பிப்ரவரி 1-ஆம் தேதி, கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் இறந்தார்கள். விண்கலம் ஏவப்பட்டபோதே நுரைத் துண்டு ஒன்று பெயர்ந்து அதன் இடது இறக்கையில் மோதியிருந்தது. விண்கலம் விண்வெளியில் இருந்த நாட்களில் பொறியாளர்கள் இந்த மோதலை ஆராய்ந்து, நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகளாகத் தந்தார்கள்.

அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு ஆறுதல் தருகிற தொனியில் இருந்தது. ஆனால் கடைசியில், சின்ன எழுத்தில் ஒரு வரி: சோதனைகளில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், இங்கே பேசப்படுவதோ 1,920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. ‘நம்மிடம் இருக்கும் சோதனை முடிவுகள் இதற்குப் பொருந்துமா என்றே தெரியாது’ என்பதுதான் அதன் பொருள். தலைப்பில் இருந்திருக்க வேண்டிய விஷயம் அது. தரவுகளைக் காட்சிப்படுத்துவதில் நிபுணரான எட்வர்ட் டஃப்டி இந்த ஸ்லைடை அலசியதை, விபத்து விசாரணைக் குழு தன் அறிக்கையிலும் எடுத்துக்கொண்டது.

பள்ளி பிபிடியில் உயிர் போகிற விஷயம் ஒன்றும் இல்லை. ஆனால் பிரச்சினை அதேதான். நம் மண்பானை பிபிடியில் ‘குறைகள்’ என்ற 16-ஆம் ஸ்லைடைத் திரும்பப் பாருங்கள். மழைநாளில் பானை சரியாகக் குளிரவில்லை என்பதைப் பிள்ளைகள் தங்கள் தோல்வியாக எழுதியிருக்கிறார்கள். உண்மையில் அது தோல்வியே இல்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் பானையிலிருந்து தண்ணீர் மெதுவாகத்தான் ஆவியாகும். அதனால் குளிர்ச்சியும் குறையும். முதல் நாள் முடிவுக்கு அவர்கள் கொடுத்த விளக்கத்தை, இரண்டாம் நாள் இன்னும் உறுதியாக்குகிறது. மொத்த பிபிடியிலும் சுவாரஸ்யமான ஸ்லைடு அதுதான், ஆனால் அது மன்னிப்புக் கடிதம் மாதிரி கிடக்கிறது.

அதனால் பிபிடி கையில் கிடைத்ததும் முதலில் ‘குறைகள்’, ‘சிக்கல்கள்’, ‘எதிர்பாராதவை’ என்ற ஸ்லைடைத் திறங்கள். அங்கேதான் ஏதாவது இருக்கும்.

முதல் வேலை: மூன்று ஸ்லைடைத் தேடுங்கள்

18-இல் நமக்கு உண்மையில் தேவைப்படுவது மூன்றே மூன்று. சோதனைக்கு முன்னால் மாணவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது ஒன்று. என்ன நடந்தது என்பது இன்னொன்று. எதிர்பார்த்ததுபோல் நடக்காதது எது என்பது மூன்றாவது.

நம் பிபிடியில் 7-ஆம் ஸ்லைடு முதலாவது. வகுப்பில் 30 பேரில் 21 பேர், ‘மண்ணுக்கே குளிர்ச்சி குணம் உண்டு, அதனால்தான்’ என்று சொல்லியிருக்கிறார்கள். நம் வீடுகளில் பெரியவர்களும் அப்படித்தானே சொல்வோம்? 12-ஆம் ஸ்லைடின் அட்டவணை இரண்டாவது. 16 மூன்றாவது.

7-ஐயும் 12-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கற்றது என்ன என்பது தெரிந்துவிடும். மண்ணுக்கே குளிர்ச்சி குணம் என்றால், பெயின்ட் அடித்த பானையும் குளிர்ந்திருக்க வேண்டும். அதுவும் அதே மண்தான். ஆனால் குளிரவில்லை. பெயின்ட் அடைத்தது மண்ணின் நுண்துளைகளை. தண்ணீர் கசிந்து வெளியே வர வழியில்லை, அதனால் ஆவியாகவும் இல்லை. எடை குறையாததே அதற்குச் சாட்சி. ஆக, குளிரவைப்பது மண் அல்ல, மண்ணின் வழியே வெளியேறி ஆவியாகிற தண்ணீர்.

இரண்டு ஸ்லைடுக்கும் இடையில் பிபிடியில் எதுவும் எழுதப்படவில்லை. ‘ஆவியாதல் – நுண்துளைகள் – வெப்பம் வெளியேறுதல்’ என்ற மூன்று புள்ளியில் ‘ஆனால்’, ‘அதனால்’, ‘அப்படியென்றால்’ என்ற சொற்கள் இல்லை. ஸ்லைடில் புள்ளி வைக்கும்போது முதலில் காணாமல் போவது இந்த இணைப்புச் சொற்கள்தான். குறிப்பு எழுதுவது என்பது பெரும்பாலும் இவற்றைத் திரும்பப் போடும் வேலை.

இரண்டாவது வேலை: பிள்ளைகளிடம் 20 நிமிடம் பேசுங்கள்

பிபிடியில் இருப்பதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சில ஸ்லைடுகள் இணையத்திலிருந்து வந்திருக்கும். சில, வீட்டில் அப்பாவோ அக்காவோ செய்து கொடுத்தவையாக இருக்கும். ‘கற்றார்கள்’ என்று எழுதுவதற்கு முன் கேட்டுப் பார்த்துவிட வேண்டும்.

பரீட்சை மாதிரி வேண்டாம். பிபிடியை மூடிவைத்துவிட்டு, பிபிடியில் இல்லாத ஒரு கேள்வியைக் கேளுங்கள். நம் உதாரணத்துக்கு: ‘ஸ்டீல் குடத்தைச் சுற்றி ஈரத்துணி கட்டினால் தண்ணீர் குளிருமா?’ ‘ஆவியாதல் என்றால் என்ன?’ என்று கேட்டால், மனப்பாடம் செய்த பிள்ளையும் சொல்லிவிடும். ஈரத்துணிக் கேள்விக்குப் பதில் சொல்ல, காரணம் புரிந்திருக்க வேண்டும். ‘குளிரும், ஏன்னா துணியில இருக்கிற தண்ணி ஆவியாகும்போது குடத்தோட சூட்டையும் எடுத்துக்கிட்டுப் போகும்’ என்று ஒரு பிள்ளை சொன்னால், கற்றது பதிந்திருக்கிறது. ‘குளிராது, அது ஸ்டீல்’ என்று சொன்னால், பழைய எண்ணம் இன்னும் போகவில்லை. இரண்டுமே ஆசிரியருக்குப் பயனுள்ள தகவல்தான்.

அடுத்து, ‘எடை ஏன் போட்டீங்க?’ என்று கேளுங்கள். செய்முறையில் உள்ள ஒரு படிக்குக் காரணம் சொல்லத் தெரிகிறதா என்பதைப் பார்க்க இது. ‘எவ்வளவு தண்ணி வெளியே போச்சுன்னு கண்ணால பார்க்க முடியாது, அதுக்குத்தான்’ என்று பதில் வந்தால், பார்க்க முடியாததை வேறு வழியில் அளக்கலாம் என்பதையும் அந்தப் பிள்ளை கற்றிருக்கிறது என்று பொருள். இது ஸ்லைடில் எங்கேயும் இருக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சோதனை செய்தது 5 பேர். குறிப்பு போவதோ 30 வீட்டுக்கு. மீதி 25 பேர் உட்கார்ந்து கேட்டவர்கள். ‘நம் மாணவர்கள் அனைவரும் கண்டறிந்தனர்’ என்று எழுதினால் அது பொய். யார் செய்தார்கள், யாருக்கு விளக்கப்பட்டது என்பதை ஒரு வரியில் பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது வேலை: வெட்டுங்கள்

வரலாறு, வகைகள் போகட்டும். அது தொகுத்தது, சோதித்தது அல்ல. பொருட்களின் பட்டியல் போகட்டும். மணிக்கு ஒருமுறை எடுத்த அளவுகளில் ஆரம்பமும் முடிவும் போதும். வரைபடம் ஒன்று வைக்கலாம்தான், ஆனால் கைபேசித் திரையில் அச்சுகளின் எண்கள் படிக்க முடியாது. ‘4 டிகிரி குளிர்ந்தது’ என்ற ஒரு வரி அந்த வேலையைச் செய்துவிடும்.

தயங்காமல் வெட்ட வேண்டியது 15-ஆம் ஸ்லைடு. ‘மருத்துவப் பயன்கள்’ என்று அதில் இருப்பது எதையும் மாணவர்கள் சோதிக்கவில்லை. அவர்கள் அளந்தது வெப்பநிலையும் எடையும் மட்டுமே. பள்ளியின் பெயரில் போகிற குறிப்பில் ‘மண்பானைத் தண்ணீர் இந்த நோய்க்கு நல்லது’ என்று வந்தால், மாணவர்கள் அதை நிரூபித்ததாகவே பெற்றோர் படிப்பார்கள். அடுத்த வாரம் அது வேறொரு வாட்ஸ்அப் குழுவில் ஃபார்வேர்டாகச் சுற்றும். ஒரு வரி தங்கலாமா, போக வேண்டுமா என்று சந்தேகம் வந்தால், ‘இதை எந்த அளவீட்டில் பார்த்தார்கள்?’ என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வரியும் வேண்டாம்.

இதே கேள்வியை மழைநாள் முடிவிடமும் கேட்க வேண்டும். ஒரே ஒரு மழைநாள்தான். அன்று காற்றின் ஈரப்பதத்தை மாணவர்கள் அளக்கவும் இல்லை. அன்றைய வெயிலும் வெப்பமும் வேறு. எனவே ‘நிரூபித்தார்கள்’ என்பது அதிகம். ‘இப்படி விளக்குகிறார்கள், இன்னும் சோதிக்க வேண்டும்’ என்பதுதான் சரியான அளவு. அப்படி எழுதுவதால் குறிப்பு பலவீனமாகாது. எது தெரியும், எது இன்னும் தெரியாது என்று பிரிக்கத் தெரிவதும் பிள்ளைகள் கற்ற ஒன்றுதான்.

இப்போது எழுதலாம்

இதுதான் கடைசியில் வருகிற குறிப்பு:

> மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது?
>
> இந்தக் கேள்விக்கு நம் 8-ஆம் வகுப்பு மாணவர்கள் 5 பேர் சோதனை செய்து விடை தேடி, வகுப்பில் விளக்கினார்கள். ‘மண்ணுக்கே குளிர்ச்சி குணம்’ என்றுதான் வகுப்பில் பலரும் முதலில் நினைத்தார்கள்.
>
> சாதாரண மண்பானை, வெளியே பெயின்ட் அடித்த மண்பானை, ஸ்டீல் குடம் மூன்றிலும் 3 லிட்டர் தண்ணீர் ஊற்றி 6 மணி நேரம் வைத்தார்கள். சாதாரணப் பானையில் மட்டும் தண்ணீர் 4 டிகிரி குளிர்ந்தது. அதன் எடையும் 120 கிராம் குறைந்தது. பெயின்ட் அடித்ததும் அதே மண்தான், ஆனால் அது குளிரவில்லை. அதனால், காரணம் மண் அல்ல, மண்ணின் வழியே கசிந்து ஆவியாகும் தண்ணீர் என்று கண்டார்கள். ஆவியாகும் தண்ணீர் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. குளித்துவிட்டு ஃபேன் அடியில் நின்றால் குளிர்வதும் இதனால்தான்.
>
> மழை பெய்த நாளில் அதே பானை ஒன்றரை டிகிரிதான் குளிர்ந்தது. காற்றில் ஈரம் அதிகமானால் ஆவியாவது குறையும் என்று மாணவர்கள் விளக்குகிறார்கள். ஒரு நாள்தான் பார்த்திருப்பதால் இதை இன்னும் சோதிக்க வேண்டும்.
>
> வீட்டில் கேட்டுப் பாருங்கள்: ஸ்டீல் குடத்தைச் சுற்றி ஈரத்துணி கட்டினால் தண்ணீர் குளிருமா? (குளிரும். ஏன் என்பதைப் பிள்ளை சொல்லட்டும்.)

கவனித்தீர்களா? ‘நுண்துளை’ என்ற சொல்லே வரவில்லை. ‘கசிந்து’ என்பது அதைச் சொல்லிவிட்டது. ‘ஆவியாதல்’ மட்டும் இருக்கிறது, ஏனென்றால் பாடத்தின் மையச் சொல் அது. பிள்ளையும் பெற்றோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்திப் பேச அது தேவை. அதைப் புரியவைக்க ஃபேன் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. எண்களும் நாலைந்துதான்.

கடைசிக் கேள்விக்குப் பதிலையும் கொடுத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பதில் தெரியாத பெற்றோர் அந்தக் கேள்வியைக் கேட்கவே தயங்குவார்கள். ‘குளிரும்’ என்பது கையில் இருந்தால், அம்மா தைரியமாகக் கேட்கலாம். ‘ஏன்’ என்பது பிள்ளையின் பங்கு.

அனுப்புவதற்கு முன்

குறிப்பை முதலில் அந்த 5 பிள்ளைகளிடம் படித்துக் காட்டுங்கள். ‘மூடி வச்சிருந்தோம், அதை எழுதலையே’ என்று யாராவது திருத்துவார்கள். அதைச் சேர்க்கத் தேவையில்லை என்றாலும், தவறான எண் இருந்தால் இங்கேதான் மாட்டும்.

அடுத்து, சோதனையைப் பார்க்காத ஒரு பெரியவரிடம் கொடுங்கள். அலுவலக உதவியாளர், வேன் ஓட்டுநர், யாராக இருந்தாலும் சரி. படித்து முடித்ததும், ‘என்ன புரிஞ்சது?’ என்று மட்டும் கேளுங்கள். ‘பானையைப் பத்தி ஏதோ நல்லா செஞ்சிருக்காங்க’ என்றால், திரும்ப எழுத வேண்டும். ‘பெயின்ட் அடிச்சா பானை குளிராதாமே’ என்றால், அனுப்பிவிடலாம்.

பிடிஎஃப்பாக இல்லாமல், நேரடிச் செய்தியாகவே அனுப்புங்கள். திறக்க வேண்டிய கோப்பு என்றாலே பலர் தள்ளிப்போடுவார்கள். படிக்கச் சிரமப்படும் பெற்றோர் இருந்தால், மாணவர் ஒருவர் இதையே வாசித்து ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜாகச் சேர்க்கலாம். படம் வேண்டுமென்றால் மூன்று பாத்திரங்களும் வரிசையாக இருக்கும் ஒன்று போதும். பிள்ளைகளின் முகம் தெரிகிற படத்துக்குப் பெற்றோரின் அனுமதி முதலில் தேவை.

பிபிடியைத் தூக்கிப்போட வேண்டாம். அட்டவணையை முழுசாகப் பார்க்க விரும்பும் பெற்றோரும் இருப்பார்கள். அறிவியல் மாநாடு போன்ற இடங்களுக்குப் போகும்போது அதே ஸ்லைடுகள் உதவலாம். ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்: 16-ஆம் ஸ்லைடின் தலைப்பு. ‘குறைகள்’ என்பதை அடித்துவிட்டு, ‘மழைநாளில் ஏன் குறைவாகக் குளிர்ந்தது?’ என்று பிள்ளைகளே எழுதட்டும்.